காற்றுவழியில் பனி அடைத்தால் என்ன பெயர்?

அஸ்தம்பட்டி, சேலம்:
ஃபிரிட்ஜ் பழுதுக் கையேட்டின் தமிழ் வரைவில் ஒரு சிக்கல். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் காற்றுவழியைப் பனி அடைத்தால், ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கும், கீழே வைத்த பால் திரிந்துபோகும். கடைப்பேச்சில் ‘ஐஸ் பிளாக்’. ‘பனியடைப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஏற்காடு:
எங்கள் ஊரில் பனி என்றால் ரோட்டை மறைக்கிற மூட்டம். ‘உறைபனி அடைப்பு’ என்று எழுதுங்கள். எங்கள் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசர் முழுக்க ஐஸ் கட்டுகிறது. இதே பழுதுதானே?

செவ்வாய்ப்பேட்டை, சேலம்:
இல்லைங்க. உங்களுடையதில் காற்று போகத் தனி வழியே கிடையாது. பட்டனை அழுத்தி உருக விடுங்கள், கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள்.

இரட்டைக் கதவில் குளிரூட்டும் சுருள் பெரும்பாலும் ஒன்றுதான், ஃப்ரீசரின் பின்பலகைக்கு உள்ளே. ஃபேன் தள்ளுகிற குளிர்க்காற்றில் ஒரு பங்குதான் துளை வழியாகக் கீழே இறங்கும். அந்தத் துளை அடைத்தால் மேலே குளிர், கீழே வெக்கை.

கொண்டலாம்பட்டியில் ஒரு வீட்டில் முன்பு பார்த்தவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்றாராம். கேஸ் குறைந்தால் ஃப்ரீசரும் அல்லவா தளரும்? பலகையைக் கழற்றினேன். சுருள் முழுக்க ஒரே சீராக வெள்ளை, துளையும் மூடிக் கிடந்தது. ஹீட்டரை மீட்டரில் பார்த்தேன், உள்ளே கம்பி அறுந்திருந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுருளின் பனியை உருக்குவது அந்த ஹீட்டர்தான். மாற்றியதும் சரியானது.

ஆத்தூர்:
கதவு ரப்பர் தளர்ந்து ஈரக்காற்று நுழைவதுதான் காரணம். ரப்பரை மாற்றினால் போதும். பெயரிலும் ஈரம் வர வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை:
பாதி சரி. ரப்பர் தளர்ந்தால் பனி சீக்கிரம் சேரும், ஆனால் ஹீட்டர் போயிருந்தால் புது ரப்பர் என்ன செய்யும்? பொருளை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் வடியும், கீழே துணி போடுங்கள். பிறகு நன்றாக ஓடிச் சில நாளில் மறுபடி கீழே குளிர் குறைந்தால், உருக்கும் பகுதியைப் பாருங்கள். ஹீட்டரோடு டைமர், சென்சாரும் அதில் சேரும். திரும்பி வரவில்லை என்றால் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கலாம்.

பெயர் என்னைக் கேட்டால், ‘காற்றுவழி அடைப்பு’. எங்கே பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

ஏற்காடு:
துளைக்கு முன்னால் முட்டைக்கோஸை வைத்தாலும் காற்றுவழி அடைப்புதானே?

செவ்வாய்ப்பேட்டை:
அதுவும் நடக்கும். ஆனால் அதற்குக் கோஸை நகர்த்தினால் போதும். ஒரே பெயர் வைத்தால் புதுப் பையன் பலகையைக் கழற்றிவிடுவான்.

அஸ்தம்பட்டி:
அப்போ ‘காற்றுவழி உறைபனி அடைப்பு’ என்று வரைவில் போடுகிறேன். நீளம்தான். சுருளில் மட்டும் பனி கட்டி, துளை திறந்திருந்தால் அதற்கும் இதே பெயரா, வேறு பெயரா?

ஆத்தூர்:
வேறு. ஆனால் ‘ஈரம்’ என்பதை நான் விடவில்லை.