க்ளவுட் ரெண்டர்: முன்னுரிமைக்கு இரட்டிப்புக் கிரெடிட் கொடுப்பது தேவையா?

செங்காங் செல்வி

பொங்கோலில் ஒரு நாலறை வீவக வீட்டுக்கு உள்ளலங்காரம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வீட்டுக்காரர்களிடம் 20 விநாடி வாக்த்ரூ காட்ட வேண்டும். இன்று புதன் இரவு. பிளெண்டர், சைக்கிள்ஸ், மொத்தம் 500 ஃப்ரேம். என் மடிக்கணினியில் ஒரு ஃப்ரேமுக்கு 22 நிமிடம் ஆகிறது. ரெண்டர் ஃபார்மில் எனக்கு இருப்பது தனிநபர் திட்டம்: மாதம் 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு ஒரு கணினி ஒரு மணி நேரம், ஒரே சமயத்தில் 4 கணினி. முன்னுரிமை வரிசை என்றால் மணிக்கு 2 கிரெடிட். முன்னுரிமை எடுக்கலாமா, வணிகத் திட்டத்துக்கே மாறிவிடலாமா?

உட்லண்ட்ஸ் குமார்

இரண்டும் வேண்டாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மேசைக் கணினி ஒன்று வாங்குங்கள். என் கணினியில் இதுபோன்ற காட்சிக்கு ஃப்ரேமுக்கு 5 நிமிடம்தான். 500 ஃப்ரேம் 42 மணி நேரத்தில் முடியும். 500 வாட் இழுத்தாலும் 21 யூனிட் மின்சாரம், ஆறேழு வெள்ளி. கிரெடிட், வரிசை, உரிமம் எதைப் பற்றியும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மாதாமாதம் சந்தா கட்டுகிற காசில் இரண்டு வருடத்தில் கணினியே வந்துவிடும்.

கதிர்

குமார் அண்ணே, கணக்கு சரி. ஆனால் இவருக்கு வெள்ளி பிற்பகல்வரை நாற்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை. உங்கள் கணினியே இவர் வீட்டில் இருந்தாலும் இந்த வேலைக்கு நேரம் போதாது. முப்பதாவது மணியில் ஒரு சுவரின் நிறம் தப்பு என்று தெரிந்தால் அப்புறம் எதுவும் செய்ய முடியாது. ஃபார்முக்குக் காசு கொடுப்பதே பல கணினி ஒன்றாக ஓடுவதற்குத்தான்.

செல்வி, முன்னுரிமை எதைக் குறைக்கும் என்று முதலில் பாருங்கள். உங்கள் வேலையின் பக்கத்தில் காத்திருந்த நேரமும் ரெண்டர் ஆன நேரமும் தனித்தனியாக வரும். முன்னுரிமை முதலாவதை மட்டும்தான் குறைக்கும். வேலை ஓடத் தொடங்கிய பிறகு கணினி அதே கணினி, ஃப்ரேம் அதே ஃப்ரேம். உங்களை இறுக்குவது அந்த 4 கணினி வரம்பு. சாதாரண வரிசையில் வழக்கமாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?

செங்காங் செல்வி

இரவில் போட்டால் இரண்டு, மூன்று மணி நேரம்.

ஜூரோங் பாலா

காலையில் போடுங்கள். நமக்குக் காலை 9 என்றால் ஐரோப்பா தூங்கிக்கொண்டிருக்கும், வரிசை காலியாக இருக்கும்.

அப்புறம் கிரெடிட் எவ்வளவு ஆகும் என்று தெரிய ஒரு ஃப்ரேமைப் பாதி அளவில் போட்டு, வரும் நேரத்தை நாலால் பெருக்குங்கள். பிக்சல் நாலில் ஒரு பங்கு, நேரமும் அப்படித்தான்.

கதிர்

பாலா, ஐரோப்பா தூங்குவது உண்மை. ஆனால் அதே காலை 9 மணி கலிபோர்னியாவில் முந்தின நாள் மாலை. அங்கே வீட்டுக்குப் போகிறவர்கள் இரவு முழுக்க ஓடட்டும் என்று வேலையைப் போட்டுவிட்டுப் போவார்கள். எந்த ஃபார்மில் யார் அதிகம் என்பதைப் பொறுத்தது இது.

நாலால் பெருக்குவதில்தான் பெரிய ஓட்டை. ஃப்ரேம் நேரம் முழுதும் பிக்சல் கணக்கில் போவதில்லை. ஃபைலைத் திறந்து, டெக்ஸ்சரை எல்லாம் ஏற்றி, காட்சியைத் தயார் செய்ய ஒரு நேரம் போகும். படம் சின்னதானாலும் அது குறையாது. ஒரு ஃப்ரேம் 6 நிமிடம், அதில் ஏற்றுவதற்கு மட்டும் ஒன்றரை என்று வையுங்கள். பாதி அளவில் போட்டால் ஒன்றரையுடன் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் சேரும். அதை நாலால் பெருக்கினால் பத்தரை நிமிடம் வரும். பயந்துபோய்ப் பெரிய திட்டத்தை வாங்கிவிடுவீர்கள்.

முழு அளவிலேயே, ஆனால் ஐம்பதுக்கு ஒரு ஃப்ரேம் போட்டுப் பாருங்கள்:

```
blender -b punggol.blend -s 1 -e 500 -j 50 -a
```

1, 51, 101 என்று 451 வரை பத்து ஃப்ரேம் வரும். `-a` கடைசியில்தான் இருக்க வேண்டும், முன்னால் வைத்தால் மற்றவை எடுபடுவதற்குள் ரெண்டர் தொடங்கிவிடும். இதை உங்கள் மடிக்கணினியில் ஓட்டினால் உங்கள் மடிக்கணினியின் வேகம்தான் தெரியும். ஃபார்மிலேயே, சாதாரண வரிசையில், இதே பத்தைக் கொடுங்கள். ஒரு கிரெடிட் அளவுக்குத்தான் போகும். டெக்ஸ்சர் ஃபைல் ஏதாவது போய்ச் சேரவில்லை என்றால் அந்த இடம் அடர் ரோஜா நிறத்தில் அப்படியே கத்தும். அதை இந்தப் பத்திலேயே பார்த்துவிடலாம். தப்பு நம் ஃபைலில் என்றால் போன கிரெடிட் பொதுவாகத் திரும்ப வராது.

தெம்பனிஸ் மாணவி

எனக்கும் இதே குழப்பம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். கல்லூரி கொடுத்த கல்வி உரிமத்தில் மாமாவின் தேக்கா கடைக்கு ஒரு மாதிரி செய்து கொடுத்தேன், 150 வெள்ளி கொடுத்தார். படத்தில் வாட்டர்மார்க் எதுவும் வரவில்லை. அப்படியென்றால் பிரச்சினை இல்லைதானே?

உட்லண்ட்ஸ் குமார்

வாட்டர்மார்க் இல்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? செல்வியும் அந்த வணிகத் திட்டத்தை விட்டுவிடலாம். பிளெண்டர் இலவசம், அதில் செய்த படம் நமக்கே சொந்தம், விற்கலாம். ட்வின்மோஷன்கூட ஆண்டு வருமானம் பத்து லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டாதவரைக்கும் இலவசம்தான். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு உரிமக் கட்டணமெல்லாம் கிடையாது. மேலும் வீட்டுக்காரர் அந்தப் படத்தை வைத்து வியாபாரம் செய்யவில்லை, சமையலறை எப்படி வரும் என்று பார்க்கப்போகிறார், அவ்வளவுதான்.

கதிர்

பிளெண்டரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ட்வின்மோஷனும் சரி. ஆனால் அது அந்த மென்பொருளை வைத்திருப்பவர் போட்ட வரம்பு. செல்வி கையெழுத்திட்டது ஃபார்முடன், அதன் நிபந்தனை வேறு. ‘தனிநபர், வணிகமல்லாத பயன்பாடு’ என்று எழுதியிருந்தால், பொதுவாக ரெண்டர் செய்பவர் அதற்குக் காசு வாங்குகிறாரா என்றுதான் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பவர் விற்கிறாரா என்றல்ல. செல்விக்கு இது கூலி வேலை.

மூன்றாவதாக, வரவேற்பறையில் வைத்த சோஃபா, விளக்கு மாடல்கள். இலவசமாக இறக்கியவற்றில் சில, செய்தி, கட்டுரைகளில் மட்டும் பயன்படுத்த என்று இருக்கும். வணிகத் திட்டம் வாங்கினாலும் அது அந்த சோஃபாவுக்குச் செல்லாது.

தங்கச்சி, கல்வி உரிமம் படிப்பதற்கு மட்டும். மாமாவிடம் வாங்கினாலும் காசு காசுதான். வாட்டர்மார்க் போடாதது அனுமதி ஆகாது. அடுத்த வேலையைப் பிளெண்டரில் செய்யுங்கள், நிம்மதி.

தெம்பனிஸ் மாணவி

சரி அண்ணா. காசு வாங்காமல் செய்ததை என் போர்ட்ஃபோலியோவில் போட்டு அதைக் காட்டி வேலை தேடினால்?

கதிர்

அதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறது. உங்கள் உரிமத்தில் போர்ட்ஃபோலியோ என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

செங்காங் செல்வி

பத்து ஃப்ரேமும் வந்துவிட்டன. ரோஜா நிறம் எங்கும் இல்லை. சராசரி சரியாக 6 நிமிடம், பதிவில் ஏற்றும் நேரம் ஒன்றரை. 301 மட்டும் 9 நிமிடம், குளியலறைக் கண்ணாடித் தடுப்பு வரும் இடம். 500 ஃப்ரேமுக்கு 50 கிரெடிட், சோதனைக்குப் போனது போக மாதக் கிரெடிட்டில் பத்துகூட மிஞ்சாது. முன்னுரிமை என்றால் 100, என்னிடம் இல்லவே இல்லை. வணிகத் திட்டத்தில் மாதம் 100 கிரெடிட், 16 கணினி.

கதிர்

அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் காசு இருக்கிறது. 500 ஃப்ரேமுக்கும் தனித்தனியாக ஏற்றினால் 750 நிமிடம், பன்னிரண்டரை கிரெடிட். வாக்த்ரூவில் கேமரா மட்டும்தான் நகர்கிறது, வீடு அப்படியே நிற்கிறது. ரெண்டர் அமைப்பில் Performance பகுதியில் `Persistent Data` என்பதை டிக் செய்யுங்கள். ஒரு ஃப்ரேம் முடிந்ததும் காட்சியை நினைவகத்திலேயே வைத்திருக்கும், அடுத்த ஃப்ரேமுக்குக் கிட்டத்தட்ட மறுபடி ஏற்ற வேண்டியிருக்காது. நினைவகம் கூடுதலாகத் தின்னும், அதையும் ஒரு சின்னத் துண்டில் சோதியுங்கள்.

ஆனால் ஃபார்ம் ஃப்ரேமுக்கு ஒரு தடவை பிளெண்டரைத் திறந்து மூடினால் இந்த டிக் வீண். ஒரு கணினிக்குத் தொடர்ந்து எத்தனை ஃப்ரேம் கொடுப்பது என்று ஓர் அமைப்பு இருக்கும். 4 கணினி என்றால் 25 வையுங்கள். 20 துண்டு, ஒவ்வொன்றும் சுமார் 114 நிமிடம், ஐந்து சுற்று. ஒன்பதரை மணி நேரம், 38 கிரெடிட். 16 கணினி என்றால் 25 வைக்காதீர்கள். முதல் சுற்றில் 16 துண்டு போக, இரண்டாவது சுற்றில் நாலு கணினி மட்டும் ஓடி மற்றவை சும்மா நிற்கும். துண்டுக்கு 16 ஃப்ரேம் வைத்தால் 32 துண்டு, இரண்டு சுற்றில் இரண்டரை மணி நேரத்தில் முடியும். வெளியீடு PNG ஆக இருக்கட்டும். வீடியோவாக வைத்தால் இப்படித் துண்டு போட முடியாது.

ஆக, காத்திருப்பு மூன்று மணி நேரம் சேர்த்தாலும் சாதாரண வரிசையே போதும். வணிகத் திட்டம் வேகத்துக்காக வேண்டாம், உரிமத்துக்காக வேண்டும்.

உட்லண்ட்ஸ் குமார்

நேரக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் கூலியில் மாதச் சந்தா போனால் என்ன மிஞ்சும்? மாதம் முடிந்ததும் மீதிக் கிரெடிட்டும் போய்விடும். வருடத்துக்கு நாலு வாக்த்ரூ செய்கிறவர் சந்தா கட்டக் கூடாது, சொந்தக் கணினி வாங்க வேண்டும். இதில் நான் மாறப்போவதில்லை.

ஜூரோங் பாலா

சில இடங்களில் சந்தா இல்லாமல் வேலைக்கு ஏற்ப வாங்கும் கிரெடிட் இருக்கிறது, அதில் வணிகப் பயன்பாட்டுக்கும் தடை இருக்காது. குமார் அண்ணன் சொல்கிற நாலு வாக்த்ரூ ஆளுக்கு அதுதான் பொருந்தும்.

செங்காங் செல்வி

ஒரு மாதத்துக்கு மட்டும் வணிகத் திட்டத்துக்கு மாறிவிட்டேன், வீட்டுக்காரரின் விலைப்பட்டியலில் ரெண்டர் செலவு என்று தனி வரி போட்டுவிட்டேன். சாதாரண வரிசை, துண்டுக்கு 16 ஃப்ரேம். போன வாரம் தனிநபர் திட்டத்தில் எடுத்த நாலு அசையாப் படங்கள் இப்போது வணிக உரிமத்தில் அடங்குமா என்று ஃபார்மிடம் எழுதிக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. அதனால் அந்த நாலையும் இந்த வேலைக்குப் பின்னால் வரிசையில் போட்டுவிட்டேன். கண்ணாடித் தடுப்பு வரும் ஃப்ரேம்களை மட்டும் வேகமாக்க வழி உண்டா, கதிர் அண்ணா?

கதிர்

`Light Paths` பகுதியில் ட்ரான்ஸ்மிஷன் பவுன்ஸ் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பத்துக்கு மேல் என்றால் ஐந்து, ஆறாகக் குறைத்து 301ஐ மட்டும் போட்டுப் பாருங்கள். தடுப்பு கறுத்துப்போனால் ஒன்றொன்றாக ஏற்றுங்கள். நேரம் குறையவில்லை என்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விளக்குதான் காரணம், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.