ஒரே வரைபடத்தைப் பல ஸ்லைடுகளில் படிப்படியாகக் காட்டிய அனுபவங்கள்

சேவைப்பிரிவு: வாடிக்கையாளர் புகார்கள் ஏன் தேங்குகின்றன என்பதை மேலாளர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. வந்த புகார், முடித்த புகார், நிலுவை என மூன்று கோடுகள் கொண்ட ஒரே வரைபடத்தை ஐந்து ஸ்லைடுகளாகப் பிரித்தேன். முதல் ஸ்லைடில் மாதங்களும் எண்ணிக்கையும் குறித்த வெற்று அச்சுகள் மட்டுமே இருந்தன. எது எந்தப் பக்கம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். இரண்டாவதில் வந்த புகார்களின் கோடு ஆண்டு முழுவதும் மாதம் 400 என்ற அளவிலேயே சென்றது. தலைப்பிலும் "புகார்கள் கூடவில்லை" என்றே எழுதியிருந்தேன். மூன்றாவதில் முடித்த புகார்களின் கோடு ஜூன் வரை அதனோடு ஒட்டிச் சென்று, ஜூலையில் 300க்கு இறங்கி அங்கேயே நின்றது. மாதம் 100 வீதம் சேர்ந்து டிசம்பரில் 600ஐத் தொடும் நிலுவைக் கோடு நான்காவதில் வந்தது. ஐந்தாவதில் புதிய கோடு எதுவும் இல்லை. ஜூலையில் புதிய மென்பொருளுக்கு மாறியதைக் குறிக்கும் செங்குத்துக் கோடு மட்டும் சேர்ந்தது. "புகார்கள் கூடியதால்தான் இந்த நிலை" என்று வழக்கமாக எழும் வாதம், இரண்டாவது ஸ்லைடைப் பார்த்த பிறகு எழவே இல்லை.

கோடும்புள்ளியும்: நல்ல வரிசை. இதைச் செய்ய விரும்புவோர் கடைசி ஸ்லைடை முதலில் முழுமையாக வரைந்து, அதைப் படியெடுத்துப் பின்னோக்கி ஒவ்வொன்றாகக் குறைத்து வருவது நல்லது. முன்னிருந்து தொடங்கினால் அச்சு ஏமாற்றிவிடும். இவருடைய தரவையே எடுத்துக்கொள்வோம். அச்சின் உச்சத்தை மென்பொருளின் போக்கில் விட்டால், 400 மட்டும் உள்ள இரண்டாவது ஸ்லைடில் அது 450 அல்லது 500இல் நின்றுவிடும். 600 வந்ததும் 700க்குத் தாவும். முந்தைய ஸ்லைடில் உச்சிக்கு அருகே இருந்த கோடு, நான்காவதில் பாதிக்குச் சற்று மேலே இறங்கியிருக்கும். எண் மாறாதிருந்தும், புகார்கள் குறைந்துவிட்டதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். எனவே `Minimum` 0, `Maximum` 700 என்று முதலிலேயே பூட்டிவிட வேண்டும். தரவை அழிப்பதற்குப் பதிலாக, இன்னும் காட்டக்கூடாத கோட்டுக்கு `No line` கொடுத்தால் போதும். வரைபடத்தின் பக்கவாட்டில் தானாக வரும் குறிவிளக்கப் பெட்டியையும் நீக்கிவிட்டு, கோட்டின் முனையிலேயே பெயரை எழுதுங்கள். அந்தப் பெட்டி அகலமாகும்போது வரைபடப் பரப்பு சுருங்கி எல்லாமே நகர்ந்துவிடும். ஸ்லைடுகளை வேகமாக முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள். அச்சு துள்ளினால் கண்ணுக்கே தெரியும்.

அரங்கப்பேச்சாளர்: இத்தனை நகல்கள் எதற்கு? பவர்பாயிண்டில் வரைபடத்துக்கு அனிமேஷன் கொடுத்து `By Series` என்பதைத் தேர்ந்தால், ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு கோடு வரும். முழு வரைபடமும் உள்ளேயே இருப்பதால் அச்சும் நகராது. நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

கோடும்புள்ளியும்: அச்சு நகராது என்பது சரிதான், ஐயா. ஆனால் அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் மூன்று கோடுகளும் ஒரே பக்கத்தில் மொத்தமாக வந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் தலைப்பை மாற்றுவதும் கடினம். என் பார்வையில் பாதி வேலையைச் செய்வது அந்தத் தலைப்புதான். நகல் முறைக்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே பதித்த வரைபடமாக இருந்தால் ஒவ்வொரு நகலும் தன் தரவுத்தாளைத் தனியே சுமக்கிறது. கடைசி நேரத்தில் ஓர் எண் மாறினால் ஐந்து இடங்களிலும் திருத்த வேண்டும், ஒன்று விட்டுப்போனால் ஸ்லைடுகளுக்குள்ளேயே முரண்பாடு வந்துவிடும். ஆகவே எண்கள் உறுதியான பிறகே நகலெடுக்கிறேன்.

மாத அறிக்கை: எங்கள் மாத அறிக்கையில் பன்னிரண்டு வரைபடங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றையும் இப்படி ஐந்தைந்தாகப் பிரித்தால் அறுபது பக்கங்கள் ஆகுமே, யார் படிப்பார்கள்?

சேவைப்பிரிவு: தனியே அமர்ந்து படிக்கும் அறிக்கைக்கு இது தேவையே இல்லை, நண்பரே, படிப்பவர் தன் வேகத்தில் கண்ணை ஓட்டிக்கொள்வார். பேசுபவரின் வேகத்தில் கேட்பவர் வரவேண்டிய இடத்துக்கே இந்த முறை உரியது. அங்கும் கூட்டத்தின் முடிவை மாற்றக்கூடிய ஒரே ஒரு வரைபடத்துக்குத்தான் நான் இதைச் செய்கிறேன்.

அரங்கப்பேச்சாளர்: பிடிஎஃப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆயினும் எனக்கு வேறொரு அனுபவமும் உண்டு. தரவை நன்கறிந்த ஒரு மூத்த அதிகாரி, இரண்டாவது படியிலேயே "முழுப் படத்தையும் காட்டுங்கள்" என்று கேட்டு நிறுத்திவிட்டார். அவரைப் போன்றவர்களுக்குக் கடைசி ஸ்லைடை முதலில் காட்டிவிட்டுப் பிறகு பிரித்துச் சொல்வதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

சேவைப்பிரிவு: அப்படிக் காட்டியிருந்தால் என் கூட்டத்தில் எல்லோருடைய கண்ணும் 600க்கே போயிருக்கும், புகார்கள் கூடவில்லை என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கேட்பவர்களுக்குக் காரணம் முன்பே தெரியுமா என்பதைப் பொறுத்து வரிசையை மாற்றலாம் போலிருக்கிறது. இரு வகையினரும் ஒரே அறையில் இருக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதை மற்றவர்களும் எழுதினால் நன்றாக இருக்கும்.