புதுப்பிப்பு: விசாரணை, கொட்டேஷன், விற்பனைக்குத் தனித்தனி மதிப்பு

“மாடுலர் கிச்சன் செய்து தருகிறோம். கூகுள் விளம்பரத்தில் விசாரணை, கொட்டேஷன், விற்பனை மூன்றுக்கும் ஒரே மதிப்பு. வெறும் விசாரணைகளே குவிகின்றன. எதற்கு எவ்வளவு வைப்பது?”

உதவிய அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது, ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தைய கட்டத்தோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் மதிப்பாக வைக்கச் சொன்னவரின் யோசனைதான்.

எங்களிடம் 100 விசாரணைகளில் 20 கொட்டேஷன் வரை வருகின்றன, 5 விற்பனையாகின்றன. ஒரு விற்பனையின் லாபம் 60,000 ரூபாய். அப்படியானால் விசாரணையின் மதிப்பு 3,000, கொட்டேஷன் 15,000. மூன்றையும் முழுதாகப் பதிந்தால் வாங்கிய ஒருவருக்கே 78,000 ஏறிவிடும். அதனால் 3,000, 12,000, 45,000 என்று வைத்தேன். கூட்டினால் சரியாக 60,000.

விற்பனையை மட்டும் அனுப்பச் சொன்னவர் பாதி சரி. ஆனால் மாதம் ஐந்தாறு விற்பனையை வைத்து கூகுளின் தானியங்கி ஏலமுறை கற்றுக்கொள்ள முடியவில்லை. ஆன்லைன் கடை நண்பர் சொன்ன கூடை மதிப்பு எங்களுக்குப் பொருந்தாது.

எதிர்பாராதது ஒன்று: கைவிட்டுப்போன விசாரணைகளின் 3,000, விற்பனையாகாத கொட்டேஷன்களின் 12,000 இரண்டும் அப்படியே தங்குகின்றன. 100 விசாரணைக்கு உண்மை லாபம் 3 லட்சம், திரையிலோ 7.65 லட்சம். எனவே விளம்பரச் செலவைப் போல எத்தனை மடங்கு மதிப்பு வேண்டும் என்று சொல்லும் Target ROAS அளவை லாபத்தை வைத்து முடிவு செய்யாமல், புதிய மதிப்புகளில் சில வாரம் ஓடவிட்டு, திரையில் வந்த விகிதத்தை வைத்தே நிர்ணயித்தேன். இப்போது விசாரணைகள் குறைந்திருக்கின்றன, அளவெடுக்க அழைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கிளிக்கின் அடையாளக் குறியீடான `gclid`-ஐப் படிவத்தில் மறைபுலமாகச் சேமித்து வைத்தால், பின்னால் நடக்கும் விற்பனையை அந்த கிளிக்கோடு இணைக்கலாம். நேராக வாட்ஸ்அப்பில் வருபவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது இன்னும் பிடிபடவில்லை.