"ஊரிலேயே குறைஞ்ச கூலி": போஸ்டர் யாரைப் பார்த்துப் பேசுது?

ஈரோட்டுக்காரன்: பிளம்பர், எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு அனுப்புற ஆப் ஆரம்பிக்கிறோம். "ஊரிலேயே குறைஞ்ச கூலி"ன்னு போஸ்டர் அடிக்கலாம்னு பார்த்தா, பிளம்பர்கள் முறைக்கிறாங்க. வீடுகளுக்கு ஒரு விளம்பரம், தொழிலாளிக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாமா?

கணக்குப்பிள்ளை: ரெண்டு பேர் கையிலயும் போன் இருக்கே. 2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி மும்பையில் 15 நிமிஷத்துல வீட்டுவேலைக்கு ஆள்னு ஆரம்பிச்சது. பேரு 'இன்ஸ்டா மெய்ட்ஸ்', மணிக்கு 49 ரூபாய் அறிமுக விலை. கண்டனம் வந்ததும் 'இன்ஸ்டா ஹெல்ப்'னு மாத்தினாங்க. வேலை செய்யறவங்களுக்கு மணிக்கு 150-180 கிடைக்கும்னு விளக்கமும் சொன்னாங்க. ஆனா சனங்க கண்ணுல பட்டது 49தான்.

மணி_டீக்கடை: அது பேர் வச்ச கோளாறு. கமிஷனை எடுத்துடுங்க, ஆளுங்க தானா வருவாங்க. பெங்களூர்ல 'நம்ம யாத்ரி' ஆப் ஆட்டோக்காரங்ககிட்ட கமிஷன் வாங்காம சந்தா வச்சுத்தானே நின்னுச்சு?

லோகோ_ராஜா: நீலக் கலர் வைங்க. நம்பிக்கை வரும்.

கணக்குப்பிள்ளை: மணி, பாதி சரி. ஆட்டோவுக்கு ஒரு நாளைக்குப் பல சவாரி, தினச் சந்தா உறைக்காது. வாரம் ரெண்டு வேலை கிடைக்கிற பிளம்பர் எதுக்குச் சந்தா கட்டணும்? ஆட்டோவுக்கு அடுத்த தடவை யார் வந்தாலும் சரி. பிளம்பர்னா அதே ஆள்தான் வேணும்பாங்க. 400 ரூபாய் வேலையில 25% போனா அவர் கைக்கு 300. அடுத்த தடவை வீட்டம்மா நம்பர் வாங்கி 350க்குப் பேசிடுவாங்க. ரெண்டு பேருக்கும் 50 லாபம், ஆப் வெளியே.

பைப்_செல்வம்: 14 வருஷமா இதே தொழில். ஒரு ஆப்ல 'குழாய் கசிவு 149'ன்னு போட்டிருந்தான். போய்ப் பார்த்தா வாஷர் இல்ல, சுவருக்குள்ள வால்வு போயிருக்கு. டைல்ஸ் உடைக்கணும்னேன். "149தானே போட்டிருக்கு"ன்னு ஒரே ஒரு ஸ்டார் குடுத்துட்டாங்க. விலை போட்டவன் ஆபீஸ்ல, ஏச்சு வாங்கினது நான்.

கணக்குப்பிள்ளை: செல்வம் அண்ணன் சொன்னதுதான் போஸ்டர். பார்த்துச் சொல்லத் தனிக் கட்டணம். பார்த்த பிறகு ஆள் சொல்ற கூலி ரெண்டு போன்லயும் ஒரே மாதிரி தெரியணும், வீட்டுக்காரர் சரின்னா வேலை. 30 நாள்ல மறுபடி கசிஞ்சா வீட்டுக்கு இலவசம், போற ஆளுக்குக் கூலியை ஆப் குடுக்கணும். தனியா நம்பர் வாங்கினவங்களுக்கு அது கிடையாது. ஆள் வாசலுக்குப் போனப்புறம் ரத்து ஆகுதான்னு வாராவாரம் பாருங்க. கூடிட்டே போனா வேலை வெளியே கைமாறுது.

மணி_டீக்கடை: ரெண்டாம் கூலிக்காகவே முதல்ல அரைகுறையா முறுக்கிட்டு வந்தா?

பைப்_செல்வம்: அப்படியும் ஆள் இருக்கான். ரெண்டாவது தடவை வேற ஆளை அனுப்புங்க.

மணி_டீக்கடை: அப்போ வீட்டம்மா கேக்குற "அதே ஆள்"?

ஈரோட்டுக்காரன்: இதுக்கு எங்ககிட்ட இன்னும் பதில் இல்ல. பிரஸ்ஸுக்குப் போன போஸ்டரை நிறுத்தச் சொல்லிட்டேன்.