புதுப்பிப்பு: ஏ.எச்.ஐ. 18 என்ற சராசரி மறைத்தது

முன்பு நான் கேட்டது: “பலமாகக் குறட்டை விடும் எனக்கு உறக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 18, இரத்தத்தில் குறைந்தபட்ச ஆக்ஸிஜன் 78 சதவீதம் என்று வந்திருக்கிறது, எது கவலைக்குரியது?”

மருத்துவர் அறிக்கையை வரிவரியாக விளக்கினார். 6 மணி நேர உறக்கத்தில் மூச்சு 108 முறை நின்றோ குறைந்தோ போனதால், மணிக்கு எத்தனை முறை என்று சொல்லும் ஏ.எச்.ஐ. 18 என்று வந்திருக்கிறது. இது நடுத்தர நிலை என்று இங்கே ஒருவர் சொன்னது சரிதான். ஆனால் அவற்றுள் 82, நான் மல்லாந்து படுத்திருந்த 2 மணி நேரத்திலேயே, அதாவது மணிக்கு 41 வீதம் நிகழ்ந்திருப்பதை அந்தச் சராசரி மறைத்துவிட்டது.

தமக்கு ஆக்ஸிஜனை அளக்கும் விரல் உணரி நழுவியதால்தான் 78 வந்தது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனவே வரைபடத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். மூச்சு நின்ற சில நொடிகள் கழித்து ஆக்ஸிஜன் கோடு மெல்லச் சரிந்து, மூச்சு திரும்பியபின் ஏறியது. நாடிக் கோடு எங்கும் அறுபடவில்லை. ஆகவே என்னுடையது உண்மையான இறக்கமே. அந்த ஒற்றை எண்ணைவிட, ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தபடி மொத்தம் 31 நிமிடங்கள் கழிந்திருப்பதுதான் மருத்துவரைக் கவலைப்படுத்தியது, என்னையும்தான்.

குறட்டைச் சத்தம் குறைந்தால் போதாதா என்று மனைவி கேட்டார். சத்தத்தை வைத்து இந்த எண்களைக் கணிக்க முடியாது என்றார் மருத்துவர். பக்கவாட்டில் படுப்பதே போதுமா, உறங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவி வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.