புதுப்பிப்பு: குரலுக்கடியில் இசை தணிவது

முன்பு இங்கே நான் கேட்டது: "பேச்சில் சின்ன இடைவெளி விட்டாலும் பின்னணி இசை பொங்கி மேலே வருகிறது. என்ன செய்வது?"

சரியாகிவிட்டது. கம்ப்ரெசரில் ரிலீஸ், அதாவது குரல் நின்றதும் இசை திரும்ப ஏற எடுக்கும் நேரம், 100 மில்லிசெகண்டில் இருந்தது. நான் மூச்சு இழுப்பதற்குள் இசை முழுதாக ஏறிவிட்டது. இங்கே ஓர் அண்ணன் சொன்னபடி 900 ஆக்கினேன். இப்போது வாக்கியங்களுக்கு நடுவே லேசாகத்தான் அசைகிறது, பத்தி முடிந்தால்தான் எழுகிறது.

குரல் வந்ததும் இசை தணிய எடுக்கும் நேரமான அட்டாக்கை 5 ஆக்கச் சொன்ன நண்பர் சொன்னது பாதி சரி. முதல் சொல் தெளிந்தது, ஆனால் இசை வெட்டியதுபோல் விழுந்தது. அப்புறம் அட்டாக்கை 150க்கு ஏற்றி, இசையைத் தணிக்கத் தூண்டும் சைட்செயினுக்கு மட்டும் போகும் குரல் நகலை 200 மில்லிசெகண்ட் முன்னால் நகர்த்தினேன். "வணக்கம்" என்பதன் 'வ' வருமுன்பே இசை தணியத் தொடங்குகிறது.

மைக்கை மாற்றச் சொன்னவருக்கு: என் குரல் பதிவில் குறை இல்லை.

மிருதங்கம் வரும் இடம்தான் இன்னும் உறுத்துகிறது. 8 டெசிபல் தணித்தும் அடி குரலோடு மோதுகிறது.