ஃப்ரிட்ஜ் தகராறு: 43 ஸ்கிரீன்ஷாட், 3 ரசீது, கால் லிஸ்ட். கடிதத்தில் எப்படிக் காட்டுவது?

மலைக்கோட்டை அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். 18.05.2024 அன்று வாங்கிய ஃப்ரிட்ஜ், ஒரு வருட வாரண்டி முடிவதற்குள் மார்ச் 3-ஆம் தேதி குளிர்ச்சியை நிறுத்திவிட்டது. அன்றே கம்பெனி சேவை எண்ணுக்குப் பேசினேன். 6-ஆம் தேதி மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பி 1,850 ரூபாய் வாங்கினார். 19-ஆம் தேதி மறுபடி நின்றது. 22-ஆம் தேதி வேறொருவர் வந்து, "வோல்டேஜ் பிரச்சினை, வாரண்டியில் வராது, கம்ப்ரஸருக்கு 6,400 ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெயிலில் புகார் எழுதினேன். 22-ஆம் தேதிக்கு முன்னால் என்னிடமிருந்து எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்று பதில் வந்திருக்கிறது. மனசு ஆறவில்லை. போனில் 43 ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, கால் லிஸ்ட் இருக்கிறது, 3 ரசீது இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடலாமா, இல்லை வேறு முறை உண்டா?

வடக்குவீதி:
அக்கா, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் மின்னணு ஆதாரத்துக்குக் கோர்ட்டில் கேட்கும் 65பி சான்றிதழ் இல்லாமல் செல்லாது. முதலில் வக்கீலைப் பாருங்கள், கடிதம் அப்புறம்.

பழைய குமாஸ்தா:
தம்பி சொல்வது பாதி சரி. அது பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது, அதில் 63-ஆம் பிரிவு. வழக்கு என்று போனால் அந்தச் சான்றிதழைப் பற்றி யோசிக்கலாம். கம்பெனிக்கு எழுதும் கடிதத்துக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நாளைக்கு மூலம் எங்கே என்று கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.

அம்மா, 43-ஐயும் அனுப்பாதீர்கள். படிக்கிறவர் மூன்றாவதிலேயே நிறுத்திவிடுவார். முதலில் ஒரு தாளில் தேதி வரிசையாக நடந்ததை எழுதுங்கள், ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை நிரூபிக்கும் ஒரே ஒரு ஆவணத்தை வையுங்கள். எந்த வரிக்கும் உதவாத ஸ்கிரீன்ஷாட் உங்களிடமே இருக்கட்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால் லிஸ்ட் நீங்கள் பேசியதைத்தான் காட்டும், என்ன பேசினீர்கள் என்பதைக் காட்டாது. எத்தனையோ பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மார்ச் 3-ஆம் தேதி பேசி முடித்ததும் புகார் எண்ணோடு எஸ்எம்எஸ் வந்ததா?

மலைக்கோட்டை அக்கா:
வந்தது ஐயா! இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கால் காலை 10.42, 6 நிமிடம் 12 நொடி. எஸ்எம்எஸ் 10.49-க்கு.

பழைய குமாஸ்தா:
அப்படியென்றால் அவர்களுடைய பதில் நிற்காது. கடிதத்தில் இப்படி எழுதுங்கள்:

"03.03.2025 காலை 10.42 மணிக்கு உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன் (இணைப்பு 2). அது முடிந்ததும் 10.49 மணிக்குப் புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது (இணைப்பு 3). 06.03.2025 அன்று உங்கள் மெக்கானிக் வந்து 1,850 ரூபாய் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தார் (இணைப்பு 4). ஆகவே 22-ஆம் தேதிக்கு முன் புகார் இல்லை என்ற உங்கள் பதில் (பார்வை 2) உண்மைக்கு மாறானது."

வாங்கிய பில் இணைப்பு 1. உங்கள் மெயிலும் அவர்கள் பதிலும் கடிதத்தின் தலையில் 'பார்வை' 1, 2 என்று வரட்டும். ஒவ்வொரு நகலின் வலது மேல் மூலையிலும் இணைப்பு எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றவே கூடாது. பிறகு புதிதாக ஒன்று கிடைத்தால் கடைசி எண்ணுக்கு அடுத்ததைக் கொடுங்கள். நடுவில் நுழைத்தால் முந்தைய கடிதத்தில் சொன்ன எண்களெல்லாம் பிசகிவிடும்.

சேலத்துக்காரி:
எனக்கும் இதே கதைதான், மிக்ஸிக்கு. பில்லைப் பத்திரமாக வைக்கலாம் என்று லேமினேஷன் கடைக்குக் கொடுத்தேன். சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப் போய், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அந்த வழவழப்பான தாளில் வரும் ரசீதை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சும்மா வைத்தாலும் சில மாதத்தில் வெளுத்துவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், அசலை வெயிலும் சூடும் படாத இடத்தில் ஒரு காகிதக் கவரில் வையுங்கள்.

கணினி மணி:
ஸ்கிரீன்ஷாட் எடுக்க பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மலைக்கோட்டை அக்கா:
அது தெரியும் தம்பி, எடுத்ததை எப்படி அடுக்குவது என்பதுதான் கேள்வி.

கணினி மணி:
மன்னிக்கணும் அக்கா, அவசரத்தில் படித்துவிட்டேன். சரி, அப்படியென்றால் வாட்ஸப் படங்களை ஒரு முறை பாருங்கள். அன்றன்றே எடுத்ததில் தேதி இருக்காது, மேலே "இன்று" அல்லது "நேற்று" என்றுதான் இருக்கும். அந்த உரையாடலை இப்போது திறந்தால் முழுத் தேதி காட்டும், மறுபடி எடுங்கள். மெக்கானிக்கை "ஃப்ரிட்ஜ் அண்ணன்" என்று சேமித்திருந்தால் படத்தில் அந்தப் பெயர்தான் வரும். பெயரைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துச் சேர்க்கவும். நீளமான உரையாடலில் முந்தைய படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாக வரட்டும். நடுவில் எதையோ மறைத்துவிட்டார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

கணினிக்கு மாற்றும்போது வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், படம் எடுத்த நேரமும் போய்விடும். கேபிள் போட்டு எடுங்கள். அசல் ஒரு ஃபோல்டரில் பெயர்கூட மாறாமல் இருக்கட்டும். நகலுக்கு மட்டும் `03_2025-03-03_sms.png` என்ற மாதிரிப் பெயர் வையுங்கள்.

பழைய குமாஸ்தா:
கால் லிஸ்ட்டையும் சீக்கிரம் படம் எடுத்துவிடுங்கள். பல போன்களில் புது அழைப்பு வர வர பழையது தானாக நீங்கிவிடும். அப்புறம், 22-ஆம் தேதி வந்தவர் கையெழுத்து வாங்கிய ஜாப் ஷீட் இருக்கிறதா? அதில் வோல்டேஜ் என்று ஒரு கட்டம் இருக்கும்.

மலைக்கோட்டை அக்கா:
இருக்கிறது ஐயா. கார்பன் நகல், மங்கலாக இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் 228 என்று எழுதியிருக்கிறார்.

பழைய குமாஸ்தா:
வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். அவர் கையாலேயே 228 என்று எழுதிவிட்டு வோல்டேஜ் பிரச்சினை என்கிறார். அதுதான் இணைப்பு 5. ஆனால் அளவு மீறி எழுதிவிடாதீர்கள். 228 என்பது அவர் அளந்த அந்த நேரத்து அளவு மட்டுமே. அதற்கு முன் என்றைக்கும் வோல்டேஜ் ஏறவில்லை என்று அது நிரூபிக்காது. "எந்த அளவீட்டை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், அதன் நகலைத் தரவும்" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

இனிமேல் போனில் பேசினால், பேசிய அரை மணிக்குள் மெயில் போடுங்கள்: "இன்று இத்தனை மணிக்கு நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், தவறிருந்தால் தெரிவிக்கவும்." கால் லிஸ்ட்டோடு அந்த மெயில் சேர்ந்தால்தான் என்ன பேசினீர்கள் என்பதற்கு ஆதாரம்.

வடக்குவீதி:
ஐயா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் சான்றிதழ் கேட்பார்கள்தானே? என் மாமா வழக்கில் கேட்டார்கள்.

பழைய குமாஸ்தா:
நான் பார்த்த வழக்குகளில் பிரமாணப் பத்திரத்தோடு நகல்களை ஏற்றுக்கொண்டார்கள். எதிர்த்தரப்பு ஸ்கிரீன்ஷாட்டை மறுத்தால் நிலைமை மாறலாம். தயாராக வைத்திருப்பது நல்லது, அவ்வளவுதான் சொல்ல முடியும். வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது, அவசரமில்லை.

மலைக்கோட்டை அக்கா:
43 படத்தில் 6 மட்டும் எடுத்தேன் ஐயா. ரசீதோடு சேர்த்து மொத்தம் 9 இணைப்பு. இன்று மதியம் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிட்டு, மெயிலிலும் போட்டேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. 6-ஆம் தேதி ரசீதில் மெக்கானிக்கின் கையெழுத்து இருக்கிறது, கம்பெனி முத்திரை இல்லை. அவர் எங்கள் ஆளே இல்லை என்று சொன்னால்?

சேலத்துக்காரி:
பணத்தை ஜிபேயில் கொடுத்தீர்களா அக்கா? யார் பெயருக்குப் போனது என்று அதில் இருக்குமே.

மலைக்கோட்டை அக்கா:
ரொக்கம்தான் கொடுத்தேன். ஆனால் அவர் வருவதற்கு முன் கம்பெனியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்த நினைவு, அதில் அவர் பெயரும் எண்ணும் இருந்தது. தேடிப் பார்க்கிறேன். கிடைத்தால் அது இணைப்பு 10.